பணம் போய்ச் சேர்ந்தது, கணக்கில் ஏறவில்லை

கீழே இருக்கும் மூன்று பிட்காயின் முகவரிகளைப் பாருங்கள்.

```
1BgGZ9tcN4rm9KBzDn7KprQz87SZ26SAMH
3JvL6Ymt8MVWiCNHC7oWU6nLeHNJKLZGLN
bc1qw508d6qejxtdg4y5r3zarvary0c5xw7kv8f3t4
```

பார்த்தால் மூன்று தனி ஆட்களுடையவை போலத் தெரியும். ஆனால் மூன்றையும் திறப்பது ஒரே ரகசியச் சாவிதான். அந்தச் சாவி வெறும் 1 என்ற எண். உலகத்துக்கே தெரிந்த சாவி என்பதால் இங்கே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன். இவற்றுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே சாவிக்கு இப்படிப் பல வடிவங்களில் முகவரி எழுத முடிவதால்தான் ஒரு விசித்திரமான சிக்கல் வருகிறது. அனுப்பிய பிட்காயின் பிளாக்செயினில் உறுதியாகிவிட்டது. எக்ஸ்ப்ளோரரில் எவரும் பார்க்கலாம். ஆனால் பணம் பெறவேண்டிய எக்ஸ்சேஞ்சோ கட்டணச் சேவையோ “உங்கள் கணக்குக்கு எதுவும் வரவில்லை” என்கிறது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். இது எப்படி நடக்கிறது, பணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்ப்போம்.

முகவரி என்பது ஒரு பூட்டின் விவரம்

பிட்காயின் வலைப்பின்னலில் முகவரி என்று ஒன்று பதிவாவதே இல்லை. நாம் ஒட்டும் முகவரியை நம் வாலட் பிரித்துப் படித்து, அதிலிருந்து ஒரு சிறிய நிரலை உருவாக்குகிறது. “இன்ன நிபந்தனையை நிறைவேற்றுபவர் இந்தத் தொகையைச் செலவிடலாம்” என்பதே அந்த நிரல். தொகையின் மேல் மாட்டும் பூட்டு என்று அதைச் சொல்லலாம். பிளாக்செயினில் ஏறுவது இந்தப் பூட்டுதான். முகவரி, அந்தப் பூட்டை மனிதர்கள் எழுதவும் ஒட்டவும் வசதியாகச் சுருக்கித் தருகிற விவரம்.

மேலே உள்ள மூன்றில் முதலாவதும் கடைசியும் உருவாக்கும் பூட்டுகள் இவை. படிக்க வசதியாக இடைவெளி விட்டிருக்கிறேன்.

```
76a914 751e76e8199196d454941c45d1b3a323f1433bd6 88ac
0014   751e76e8199196d454941c45d1b3a323f1433bd6
```

நடுவில் இருக்கும் நீண்ட பகுதி இரண்டிலும் ஒன்றே. அது பொதுச்சாவியின் ஹாஷ், அதாவது சாவியிலிருந்து கணக்கிட்ட 20 பைட் கைரேகை. முன்னும் பின்னும் வரும் எழுத்துகள்தான் வேறு. அவை பூட்டை எந்த முறையில் திறக்கவேண்டும் என்று சொல்கின்றன. சாவி ஒன்று, பூட்டு இரண்டு. ஒரு பூட்டைக் கவனித்துக்கொண்டிருக்கும் மென்பொருளின் கண்ணில் மற்றொன்று படவேண்டிய அவசியம் இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பழையதும் புதியதும்

2009-இல் பிட்காயின் தொடங்கிய காலத்திலிருந்து புழங்குவது 1-இல் தொடங்கும் முகவரி. சாவியின் ஹாஷோடு, தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க 4 பைட் செக்சம் சேர்த்து, 58 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசையில் எழுதுவார்கள். கண்ணை ஏமாற்றும் பூஜ்ஜியம், பெரிய `O`, பெரிய `I`, சிறிய `l` ஆகிய நான்கும் அதில் கிடையாது. ஆனால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஓர் எழுத்தைப் பெரிதாக்கினாலே முகவரி செல்லாது.

2012-இல் 3-இல் தொடங்கும் முகவரி வந்தது. இது ஒரு சாவியின் ஹாஷைச் சுமப்பதில்லை. ஒரு நிபந்தனை நிரலின் ஹாஷைச் சுமக்கிறது. “மூன்று சாவிகளில் இரண்டு கையெழுத்திட்டால் போதும்” என்பது போன்ற ஏற்பாடுகளை நிறுவனங்கள் இதன் வழியாகச் செய்தன. உள்ளே என்ன நிபந்தனை என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2017 ஆகஸ்டில் செக்விட் என்ற மாற்றம் நடைமுறைக்கு வந்தது. கையொப்பங்களைப் பரிவர்த்தனையின் தனிப் பகுதிக்கு நகர்த்தி, கட்டணக் கணக்கில் அந்தப் பகுதியின் எடையை நான்கில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். அதற்காகப் பீட்டர் வூயில், கிரெக் மேக்ஸ்வெல் இருவரும் வடிவமைத்ததுதான் `bc1q` என்று தொடங்கும் பெக்32 முகவரி. இதில் பெரிய, சிறிய எழுத்துக் குழப்பம் இல்லை. நான்கு எழுத்துகள் வரை மாற்றி அடித்துவிட்டாலும் பிழை கட்டாயம் பிடிபடும். ஆனால் பழைய மென்பொருளுக்கு இது என்னவென்றே புரியாது. அதனால் இடைக்கால ஏற்பாடாக, செக்விட் பூட்டை 3 முகவரிக்குள் பொதிந்து கொடுக்கும் வழக்கமும் வந்தது. மேலே நாம் பார்த்த இரண்டாவது முகவரி அந்த வகைதான். பழைய வாலட் அதைச் சாதாரண 3 முகவரியாக நினைத்து அனுப்பும். பெற்றவருக்குச் செக்விட்டின் பலன் ஓரளவு கிடைக்கும்.

கடைசியாக 2021 நவம்பரில் டேப்ரூட். அதன் முகவரிகள் `bc1p` என்று தொடங்குகின்றன.

புதிய வடிவத்தால் என்ன லாபம்? ஒரு வரவை எடுத்து, ஒருவருக்குக் கொடுத்து, மீதியைத் தனக்கே திருப்பிக்கொள்ளும் வழக்கமான பரிவர்த்தனை, எல்லாம் 1 வகையாக இருந்தால் ஏறத்தாழ 226 அலகு இடம் பிடிக்கும். எல்லாம் `bc1q` என்றால் 141 அலகு. அலகுக்கு 20 சடோஷி கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 4,520-க்குப் பதில் 2,820 சடோஷி. (10 கோடி சடோஷி ஒரு பிட்காயின்.) இந்தச் சேமிப்பு யாருக்கு என்பதைக் கவனியுங்கள். புதிய பூட்டில் வைத்திருக்கும் பணத்தை எடுத்துச் செலவிடுபவருக்குத்தான். அனுப்புகிறவர், பெறுபவரின் முகவரியை 1-லிருந்து `bc1q`-க்கு மாற்றினால் மிச்சமாவது 3 அலகு, அதாவது 60 சடோஷி. இந்த அற்பத் தொகைக்காக முகவரியை மாற்றப் போய்த்தான் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயப்படத் தேவையில்லாத இடங்கள்

“என் வாலட் `bc1q`, அவர்களுடையது 1. அனுப்பலாமா?” என்று பலர் கேட்பார்கள். தாராளமாக அனுப்பலாம். நம் பணம் எந்தப் பூட்டில் இருந்தது என்பதற்கும், இனி எந்தப் பூட்டில் வைக்கிறோம் என்பதற்கும் தொடர்பு இல்லை. ஒரே பரிவர்த்தனையில் பழையதும் புதியதும் கலந்து இருக்கலாம்.

இன்னொன்று, அனுப்பும் சேவைக்குப் புதிய வடிவம் தெரியாத நிலை. அப்போது முகவரியை ஒட்டியவுடனே `Invalid address` என்று மறுத்துவிடும். பரிவர்த்தனையே உருவாகாது, பணம் அங்கேயே இருக்கும். எரிச்சலாக இருந்தாலும் இதில் இழப்பு எதுவும் இல்லை.

ஆபத்து அடுத்த அடியில்தான். “இவர்களுடையதை எடுக்கமாட்டேன் என்கிறதே, வேறு வடிவத்துக்கு மாற்றிப் போடுவோம்” என்று முகவரியை நாமே மாற்றக் கிளம்பும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஒரு பரிவர்த்தனையைப் பிரித்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சேவை, வாடிக்கையாளருக்குப் பணம் செலுத்த 1BgGZ9… என்ற முகவரியைக் கொடுக்கிறது. அந்தச் சேவை பழைய வடிவத்தை மட்டுமே கையாளுகிறது. வாடிக்கையாளர் ஒரு மாற்றுக் கருவியில் அதைப் போட்டு bc1qw508… என்று வாங்கி, 0.02 பிட்காயின் அனுப்புகிறார். ஆறு உறுதிப்பாடுகள் வந்துவிட்டன. கணக்கில் மட்டும் ஏறவில்லை.

முதல் வேலை, பரிவர்த்தனை எண்ணை எடுத்து எக்ஸ்ப்ளோரரில் தேடுவது. அங்கே வெளியீடுகள் என்ற பகுதியில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றில் 0.02, மற்றொன்றில் ஏதோ ஒரு தொகை. இரண்டாவது, அனுப்பியவருக்கே திரும்பும் மீதிச் சில்லறை. அதைப் பார்த்து “என் பணம் யாரோ ஒருவருக்குப் போய்விட்டது” என்று பதறுபவர்கள் உண்டு. நமக்கு வேண்டியது 0.02 உள்ள வரி. அதன் எதிரே இருக்கும் முகவரியை, சேவை கொடுத்த முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடவேண்டும். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால், வடிவத்தில் பிழை இல்லை. போதுமான உறுதிப்பாடு வராதது, குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே அனுப்பியது என்று வேறு காரணத்தைச் சேவையிடம்தான் கேட்கவேண்டும்.

இங்கே இரண்டும் வேறு. ஒன்று 1 என்று தொடங்குகிறது, மற்றொன்று `bc1q`. இப்போது சேவையின் பக்கம் போய்ப் பார்ப்போம். அதன் மென்பொருள் ஒவ்வொரு புதிய பிளாக் வரும்போதும், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த முகவரிகளின் பட்டியலை அதனுடன் ஒப்பிடுகிறது. பட்டியலில் 76a914 என்று தொடங்கும் பூட்டுதான் இருக்கிறது. 0014 என்று தொடங்குவதை அது தேடவே இல்லை. ஆகவே “எதுவும் வரவில்லை” என்ற பதில் பொய் அல்ல. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. பணம் அழியவில்லை, எவரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது.

மீட்பதற்கான வழி தொழில்நுட்பத்தில் எளிது. குறிப்பிட்ட முகவரியின் ரகசியச் சாவியை எடுத்து, செக்விட் தெரிந்த ஒரு வாலட்டில் அதைப் புதிய வடிவத்தில் சேர்க்கவேண்டும். பிட்காயின் கோர் போன்ற மென்பொருளில், எந்தச் சாவி, எந்த வகைப் பூட்டு என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

```
pkh(சாவி)        1...
sh(wpkh(சாவி))   3...
wpkh(சாவி)       bc1q...
```

`pkh` இருந்த இடத்தில் `wpkh` என்று எழுதினால் 0.02 தெரிந்துவிடும். அப்புறம் கையெழுத்திட்டு வேறிடத்துக்கு மாற்றலாம். நடைமுறையில் தடை வேறு. பெரிய சேவைகள் சாவிகளை இணையத்தோடு தொடர்பில்லாத பாதுகாப்பில், பல பேர் ஒப்புதலோடு மட்டும் எடுக்கும்படி வைத்திருக்கும். ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு சாவியை வெளியே எடுப்பது அவர்களுக்கு வேலையும் அபாயமும். அதனால் கட்டணம் கேட்கலாம், தொகை சிறியது என்றால் மறுக்கவும் செய்யலாம். கேட்கும்போது பரிவர்த்தனை எண், எத்தனையாவது வெளியீடு, அவர்கள் கொடுத்த முகவரி, பணம் போன முகவரி ஆகிய நான்கையும் கொடுத்து, “இரண்டிலும் சாவி ஹாஷ் ஒன்றே” என்று சொன்னால், விஷயம் தெரிந்த பொறியாளருக்கு உடனே புரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மிகப் பழைய முகவரிகள் சிலவற்றில் பொதுச்சாவியைச் சுருக்காமல் 65 பைட் நீளத்தில் பயன்படுத்தியிருப்பார்கள். செக்விட்டுக்குச் சுருக்கிய 33 பைட் சாவிதான் வழக்கம். அப்படிப்பட்ட முகவரியை `bc1q` ஆக்கி அனுப்பிய பணத்தை எடுக்கும் பரிவர்த்தனையை, வலைப்பின்னலின் சாதாரணக் கணினிகள் ஒன்றுக்கொன்று கடத்தாது. மைனர் ஒருவர் நேரடியாகத் தம் பிளாக்கில் சேர்த்தால்தான் வழி.

திரும்பி வராத பணம்

மேலே சொன்ன கதையில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம். சேவை கொடுத்தது 3-இல் தொடங்கும் முகவரி. வாடிக்கையாளர் அதை `bc1q` ஆக மாற்றுகிறார்.

3 முகவரிக்குள் இருப்பது நிரலின் ஹாஷ் என்று சொன்னேன் அல்லவா? அதுவும் 20 பைட். குறுகிய `bc1q` முகவரிக்குள் இருப்பதும் 20 பைட், ஆனால் அது சாவியின் ஹாஷ். நீளம் ஒன்றாக இருப்பதால், ஒரு மோசமான கருவி அந்த 20 பைட்டை அப்படியே எடுத்து மற்றதற்குள் திணித்துவிட முடியும். செக்சமும் புதிதாகக் கணக்கிட்டுச் சேர்த்துவிடும். வெளியே வருவது பார்வைக்குக் குறையே இல்லாத 42 எழுத்து முகவரி. எந்த வாலட்டும் அதை ஏற்கும். ஆனால் பிளாக்செயினில் மாட்டப்படும் பூட்டு, “இந்த 20 பைட்டை ஹாஷாகக் கொண்ட பொதுச்சாவியைக் காட்டு” என்று கேட்கும். அப்படி ஒரு சாவியை எவரும் உருவாக்கவில்லை. தேடிக் கண்டுபிடிக்க 2-இன் 160-ஆவது அடுக்கு அளவுக்கு முயற்சி வேண்டும். சேவையே மனம் வைத்தாலும் எடுக்க முடியாது.

இதே பிழை எதிர்த்திசையிலும் வரும். `bc1q`-இல் உள்ள 20 பைட்டை நேராக 3-க்குள் போட்டால் அதுவும் போச்சு. சரியான முறையில், 0014 என்ற முன்னொட்டோடு சேர்த்து மறுபடி ஹாஷ் செய்து பொதியவேண்டும். நம் இரண்டாவது முகவரி அப்படித்தான் உருவானது. இரண்டு வழியிலும் கிடைக்கும் முகவரி 3 என்றே தொடங்கும். எது சரி, எது தவறு என்று கண்ணால் சொல்ல முடியாது.

நம் சொந்த வாலட்டில் இருப்பு பூஜ்ஜியமானால்

பெறுபவர் நாமாகவே இருக்கும்போதும் இந்தக் குழப்பம் வரும். ஒரு வாலட்டில் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை எழுதி வைத்திருந்தோம். பிறகு வேறொரு வாலட்டில் அவற்றைப் போட்டால் இருப்பு பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. சொற்கள் தவறு என்று நினைத்துவிடக் கூடாது. வாலட்டுகள் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனிப் பாதையில் சாவிகளை உருவாக்குகின்றன.

```
m/44'/0'/0'   1...
m/49'/0'/0'   3...
m/84'/0'/0'   bc1q...
m/86'/0'/0'   bc1p...
```

பழைய வாலட் 84 பாதையில் வைத்திருந்த பணத்தை, 44 பாதையை மட்டும் பார்க்கும் வாலட் காணாது. இங்கே சாவிகளே வேறு என்பதால் முகவரியை மாற்றி எழுதிப் பார்த்தும் பயனில்லை, பாதையை மாற்றவேண்டும். எலக்ட்ரம் போன்ற வாலட்டுகள் மீட்பின்போது எந்த வகை என்று கேட்கும். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் ஒன்றில் பணம் தெரியும். வன்பொருள் வாலட் வைத்திருப்பவர்கள் சொற்களைக் கணினியில் தட்டாமல், கருவியையே இணைத்து வகையை மாற்றிப் பார்ப்பது பாதுகாப்பு. “நாங்கள் மீட்டுத் தருகிறோம், சொற்களை அனுப்புங்கள்” என்று சொல்பவர் யாராக இருந்தாலும் திருடன் என்றே கொள்ளலாம். எந்த உண்மையான மீட்புக்கும் நம் சொற்கள் இன்னொருவர் கைக்குப் போகத் தேவையில்லை.

மறுப்பதே நல்லது என்று முடிவெடுத்தவர்கள்

டேப்ரூட் முகவரியை வடிவமைத்தபோது நடந்த ஒன்று இந்த விஷயத்தை நன்றாக விளக்குகிறது. பெக்32 முறையை முதலில் எழுதியபோது, எதிர்காலத்தில் வரும் புதிய பூட்டுகளுக்கும் பழைய வாலட்டுகள் அனுப்பக்கூடியதாக இருக்கும் என்று திட்டமிட்டிருந்தார்கள். பின்னர் அதன் செக்சத்தில் ஓர் ஓட்டை தெரியவந்தது. முகவரி `p` என்ற எழுத்தில் முடிந்தால், அதற்கு முன்னால் எத்தனை `q` சேர்த்தாலும் நீக்கினாலும் செக்சம் சரி என்றே காட்டும். `bc1q` முகவரிகளுக்கு நீளம் 42 அல்லது 62 எழுத்து என்று கட்டாயம் இருப்பதால் அங்கே இது பாதிக்கவில்லை. புதிய வகைகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

வாலட்டுகளைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலான மென்பொருள்கள் புதிய வகைக்கு அனுப்பவே இல்லை. அதைவிட மோசமாக, சில மென்பொருள்கள் முகவரியைத் தவறாகப் படித்து, பணம் எரிந்துபோகும் வகையில் அனுப்பியிருக்கும். எனவே செக்சத்தில் ஒரு மாறிலியை மாற்றி பெக்32எம் என்று புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். `bc1p` முகவரியைப் பழைய மென்பொருளில் ஒட்டினால், செக்சம் தவறு என்று சொல்லி நிறுத்திவிடும். பழைய மென்பொருள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு அனுப்புவதைவிட, புரியவில்லை என்று மறுப்பது மேல் என்று தெரிந்தே செய்த மாற்றம் அது.

பயன்படுத்துகிறவர்களும் இதே நிலையை எடுக்கலாம். வாலட் ஒரு முகவரியை மறுத்தால், அதைக் கருவியில் போட்டு மாற்றாமல், பெறுபவரிடமே வேறு வடிவ முகவரி கேட்டு வாங்குங்கள். பெறுபவர் நாமே என்றால், நம் வாலட்டின் அமைப்பில் போய் 3 அல்லது 1 வகை முகவரியை அதுவே உருவாக்கும்படி செய்யலாம். அப்போது அந்தப் பூட்டும் கவனிக்கப்படும் பட்டியலில் சேர்ந்துவிடும். தொகை பெரிது என்றால் முதலில் சிறு தொகை ஒன்றை அனுப்பி, பெறுபவரின் கணக்கில் ஏறிவிட்டதை அவர் திரையிலேயே பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள். எக்ஸ்ப்ளோரரில் உறுதியானது மட்டும் போதாது. அது பணம் பூட்டப்பட்டதைக் காட்டும், அந்தப் பூட்டை யாரும் கவனிக்கிறார்களா என்பதைக் காட்டாது.